சிவப்பு எழுத்தில் போன ‘சரி’: ஒரு மின்னஞ்சல் தொடரின் ஆய்வு

ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர். பழைய மாணவர் சங்கம் வெளியிடுகிறது, சிவகாசியில் ஓர் அச்சகம் அடிக்கிறது, பக்க வடிவமைப்பு என்னுடையது. அதனால் எல்லா மின்னஞ்சலும் எனக்கும் நகல் வந்துகொண்டிருந்தது. அச்சக மேலாளர் வேலையைத் தொடங்கும் முன் ஒன்பது விஷயங்களைக் கேட்டு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சங்கச் செயலாளர் அன்றைக்கே பதில் போட்டுவிட்டார். அப்படியிருந்தும் எது முடிவானது, எது ஆகவில்லை என்று நான்கு பேரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. பதில் எழுதிய விதத்தில்தான் சிக்கல்.

மேலாளரின் கடிதத்தைக் குறை சொல்ல முடியாது. எண் போட்டு, பத்தி பிரித்து எழுதியிருந்தார். அளவு, பக்க எண்ணிக்கை, உள்தாள், அட்டை, பைண்டிங், பிரதிகள், பிடிஎஃப், முன்பணம், அனுப்பும் வழி என்று ஒன்பது. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஒரு கேள்விதான் இருந்தது என்று சொல்ல முடியாது. இந்த வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது. நான்காவது பத்தி இப்படி:

```
4. அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. மேட் லேமினேஷன்
போடுகிறோம். தலைப்புக்கு மட்டும் ஸ்பாட் யுவி போட்டால்
எடுப்பாக இருக்கும். கிளாஸ் வேண்டுமென்றாலும் செய்யலாம்.
```

செயலாளர் அலுவலகக் கணினியில் அவுட்லுக்கைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, மேலே ஒரே ஒரு வரி எழுதினார்: “தங்கள் கேள்விகளுக்கான பதில்கள் கீழே சிவப்பு எழுத்தில்.” அப்புறம் கீழே இறங்கி, ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலேயே, மேலாளரின் வாக்கியத்தை ஒட்டியபடி சிவப்பில் பதில் எழுதிக்கொண்டே போனார். நான்காவதற்கு அவர் எழுதியது: “சரி, போட்டுவிடுங்கள்.”

எதைப் போடுவது? செயலாளர் மனதில் இருந்தது மேட் லேமினேஷன் மட்டும். மேலாளர் படித்தபோது ஸ்பாட் யுவியும், அதாவது தலைப்பின் மேல் மட்டும் போடும் பளபளப்புப் பூச்சும், சேர்த்துச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. ‘போட்டால் எடுப்பாக இருக்கும்’ என்று கேட்டவருக்கு ‘போட்டுவிடுங்கள்’ என்று பதில் வந்தால் வேறு எப்படிப் புரியும்?

இடையில் எழுதும் பதிலின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மேலே கேள்வி இருக்கிறது என்ற தைரியத்தில் பதில் சுருங்கிவிடுகிறது. ‘ஆமாம்’, ‘சரி’, ‘அப்படியே செய்யலாம்’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். கேள்வி ஒன்றே ஒன்றாக, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருந்தால் இது வசதி. ஒரே பத்தியில் ஒரு தகவலும் ஒரு யோசனையும் ஒரு மாற்று வழியும் இருந்தால், அந்தச் ‘சரி’ எதன் மேல் போய் உட்காரும் என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிப்பார்.

அதே மின்னஞ்சல் ஒவ்வொருவர் கையிலும் என்னவானது என்று பார்க்கலாம்.

மேலாளர் அதை அச்செடுத்துக்கொண்டார். அச்சகங்களில் இது வழக்கம்தான். வேலைக்கான உறையில் கடிதத்தையும் சேர்த்து வைத்துவிடுவார்கள், மெஷின்காரர் வரை அந்தத் தாள்தான் போகும். ஆனால் அலுவலக மேசையில் இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர். சிவப்பெல்லாம் லேசாக மங்கிய கறுப்பாகிவிட்டது. ஐந்தாவது பத்தியில், பசை போட்டு ஒட்டும் பைண்டிங் மட்டும் போதுமா, தையலும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் “தையல் என்றால் மூன்று நாள் கூடும்” என்று முடித்திருந்தார். அதே வரியில் செயலாளர் “அது பரவாயில்லை” என்று எழுதியிருந்தார். தாளில் இப்படி வந்தது:

```
பெர்ஃபெக்ட் பைண்டிங் போதுமா, தையலும் வேண்டுமா?
தையல் என்றால் மூன்று நாள் கூடும். அது பரவாயில்லை.
```

இது மேலாளர் தானே கேட்டு, தானே சமாதானம் சொல்லிக்கொண்டது போலத்தான் இருக்கிறது. அவர் அதைத் தன் வாக்கியம் என்றே நினைத்து, ஐந்தாவதற்குப் பதில் வரவில்லை என்று குறித்து வைத்தார்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மின்னஞ்சலைக் கைப்பேசியில்தான் பார்ப்பார். அறிவிப்பில் வந்தது முதல் வரி மட்டும். திறந்து பார்த்தால் அதன் கீழே மேலாளரின் பழைய கடிதம், அதை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். திரையைக் கறுப்புப் பின்னணியில் வைத்திருக்கிறார். அதில் அடர்சிவப்பு எழுத்துக் கண்ணில் படவே இல்லை. செயலாளர் அவருடைய பழைய மாணவர், அதனால் நேராகப் போன் போட்டுவிட்டார்: “ஏம்ப்பா, பதில் கீழேன்னு போட்டிருக்க, கீழே அவர் லெட்டர்தானே இருக்கு?”

நிறத்தை நம்பி எழுதுவதில் இருக்கும் ஆபத்து இந்த இரண்டு சம்பவத்திலும் தெரிகிறது. இதோடு முடிவதும் இல்லை. மின்னஞ்சலை வெறும் எழுத்தாக மாற்றினால் நிறம் போய்விடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வழக்கமாக நிறத்தைச் சொல்லாது, வாக்கியத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போகும். அதைக் கேட்கிறவருக்கு யார் எதைச் சொன்னார் என்று தெரிய வழியே இல்லை.

பொருளாளர் கதை வேறு. ஆறாவது கேள்வி பிரதி எண்ணிக்கை: 1,000-மா, 1,200-ஆ. செயலாளர் அதற்கு “பொருளாளரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுதியிருந்தார். பொருளாளர் அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பதில் போட்டார், மேலே எழுதினார், இரண்டே வாக்கியம்: “6-க்கு 1,000 போதும். 8-ல் சொன்னபடி அனுப்பிவிடலாம்.” ஆனால் அதற்கு முன்பே மேலாளர், செயலாளரின் கடிதத்துக்கு நேராகப் பதில் எழுதி, ஐந்தாவதை மறுபடி கேட்டிருந்தார். ஆக, ஒரே கடிதத்திலிருந்து இரண்டு கிளை. செயலாளர் மேலாளரின் கிளையைப் பிடித்துக்கொண்டு, இந்தமுறை நீல நிறத்தில், மேலும் எழுதினார். பொருளாளரின் இரண்டு வாக்கியமும் அந்தக் கிளையில் இல்லை. கீழே இருக்கும் மேற்கோளில் ஆறாவது இன்னும் “கேட்டுச் சொல்கிறேன்” என்றே இருந்தது.

மின்னஞ்சல் மென்பொருள் இதைக் கவனிக்காது. ஒவ்வொரு பதிலும் தான் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பதை `In-Reply-To` என்ற தலைப்பு வரியில் சுமந்துகொண்டு போகும். திரையில் எல்லாம் ஒரே தொடராக அடுக்கித் தெரிந்தாலும், மேற்கோளாகக் கீழே ஒட்டிக்கொண்டு வருவது நாம் எந்தக் கடிதத்தில் பதில் பொத்தானை அழுத்தினோமோ அது மட்டும்தான். இரண்டு பேர் மட்டும் மாறி மாறி எழுதினால் கிளை பிரியாது. மூன்றாவது ஆள் வந்ததும் பிரிய ஆரம்பித்துவிடும்.

இந்த நேரத்தில் எட்டாவது கேள்விக்கு விடை வராததை யாருமே கவனிக்கவில்லை. முன்பணம் பாதி, மீதி டெலிவரியின்போது, இதில் முன்பணத்தைக் காசோலையாகவா, வங்கி வழியாகவா என்று மேலாளர் கேட்டிருந்தார். செயலாளர் அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. இடையில் எழுதும் பதிலில் விட்டுப்போன கேள்வி கண்ணில் படுவது கஷ்டம். அந்த இடம் வெற்றிடமாகத் தெரியாது, கேள்வியின் எழுத்துகளே அங்கே நிரம்பியிருக்கும். ஏதோ எழுதியிருக்கிறது என்று கண் தாண்டிப் போய்விடும். மேலே எண் போட்டு எழுதியிருந்தால் 7-க்கு அடுத்து 9 வந்திருக்கும், உடனே உறுத்தியிருக்கும்.

இதை வைத்து இடையில் எழுதுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. இணையத்தின் பழைய வழக்கம் அதுதான். 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற நடத்தைக் குறிப்பு, பதில் எழுதும்போது புரிவதற்குத் தேவையான அளவு பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடச் சொல்கிறது. முழுக் கடிதத்தையும் அப்படியே சேர்த்து அனுப்புவது மிக மோசமான பழக்கம் என்றும் சொல்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்குபவர்களின் ஆவணம் இன்றைக்கும் மேலே எழுதாதீர்கள், வெட்டிச் சுருக்கி இடையில் எழுதுங்கள் என்றுதான் வழிகாட்டுகிறது.

அங்கே அது நடைமுறையில் ஓடுவதற்குக் காரணம் உண்டு. பேச்சு நடப்பது நிரலின் குறிப்பிட்ட ஒரு வரியைப் பற்றி. அந்த வரியை எடுத்து வைக்காமல் பதில் சொல்லவே முடியாது. எல்லோரும் வெறும் எழுத்தாகத்தான் அனுப்புகிறார்கள். பழைய வரிக்கு முன்னால் `>` குறி தானாக விழும், பதிலுக்கு முன்னால் விழாது. அச்செடுத்தாலும் மென்பொருள் வாசிக்கக் கேட்டாலும் யார் வரி எது என்பதில் குழப்பம் வராது. முக்கியமாக, தேவையில்லாததை வெட்டுவது அங்கே மரியாதை. நம் அலுவலகங்களில் வெட்டினால் “எதையோ மறைக்கிறார்” என்று சந்தேகம் வரும். அதனால் யாரும் வெட்டுவதில்லை, வால் நீண்டுகொண்டே போகிறது. `>` குறியும் இல்லை, ஏனென்றால் அவுட்லுக் வழக்கமாக மேற்கோள் குறி போடாமல் பழைய கடிதத்தை அப்படியே கீழே வைக்கிறது. அதற்குள் தட்டச்சு செய்தால் நம் எழுத்து அவருடைய எழுத்தோடு கலந்துவிடும். நிறம் மாற்றும் பழக்கமே இந்தக் குறையைச் சமாளிக்க வந்ததுதான். விண்டோஸில் இருக்கும் பழைய அவுட்லுக்கில் `Preface comments with` என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் பழைய கடிதத்துக்குள் எழுதும்போது நம் பெயர் அடைப்புக்குறிக்குள் தானாக விழும். நிறத்தைவிட எவ்வளவோ மேல். தேடிப்போய் இயக்கியவர்கள் குறைவு.

இதே தொடரில் இடையில் எழுதியதுதான் சரியாக வேலை செய்த ஓர் இடமும் உண்டு: ஏழாவது கேள்வி. பிடிஎஃப் பற்றியது, பதில் சொல்ல வேண்டியவன் நான். மேலாளர் ஒரே பத்தியில் மூன்று நிபந்தனை வைத்திருந்தார்: எழுத்துகளைக் கோட்டு வடிவமாக, அதாவது கர்வாக, மாற்றுவது; வெட்டும்போது போகும் ஓரத்துக்குக் கூடுதல் இடமாக ப்ளீட் விடுவது; படங்களின் துல்லியம். அந்தப் பத்தியை மட்டும் தனியே எடுத்து, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, மற்ற எட்டையும் வெட்டிவிட்டு, மேலாளருக்கு மட்டும் எழுதினேன்.

```
> எழுத்துகளை கர்வ் ஆக்கி அனுப்பவும்.
கர்வ் ஆக்கவில்லை. எல்லா ஃபாண்டையும் பிடிஎஃபிலேயே
பதித்திருக்கிறேன். உங்கள் ஆர்ஐபியில் எழுத்து உடைந்தால்
சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

> சுற்றிலும் 3 மிமீ ப்ளீட் விடவும்.
விட்டிருக்கிறேன், நான்கு பக்கமும்.

> படங்கள் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது.
41, 57 பக்கப் படங்கள் மட்டும் முழுப் பக்க அளவில்
150 இருந்தன. கால் பக்கமாகச் சுருக்கி 300 ஆக்கியிருக்கிறேன்.
```

இதையே மேலே பத்தியாக எழுதியிருந்தால் “எழுத்தைப் பொறுத்தவரை”, “ப்ளீட் விஷயத்தில்” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை தேவைப்பட்டிருக்கும். இங்கே மேலாளரின் நிபந்தனைதான் முன்னுரை. கேட்டவரும் படிப்பவரும் ஒருவரே. அவருக்குத் தன் வாக்கியம் நினைவிருக்கும். இன்னொன்றையும் கவனிக்கலாம்: பதில் எதுவும் ‘சரி’ என்று நிற்கவில்லை. மேற்கோள் வரியை அழித்துவிட்டாலும் “3 மிமீ” என்பது ஒன்றைத் தவிர மற்ற பதில்கள் தனியாகவே அர்த்தம் தரும். நான் இதற்கு வைத்திருக்கும் சோதனை அதுதான். மேற்கோளைக் கையால் மறைத்துவிட்டு என் வரிகளை மட்டும் படித்துப் பார்ப்பேன். பாதிக்கு மேல் புரியவில்லையென்றால் இடையில் எழுதியது தப்பான முடிவு, அல்லது சோம்பலில் எழுதியது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை இழுத்து அதற்கு மட்டும் பதில் சொல்கிறோமே, அதுவும் இதே போல இடையில் எழுதும் பதில்தான். அங்கே மேற்கோளாக வருவது ஒரே ஒரு செய்தி, அதனால் பதில் எதற்கு என்று தேட வேண்டியதில்லை. மின்னஞ்சலில் அந்த அளவை நாமே வெட்டி உண்டாக்க வேண்டும். தண்டர்பேர்டிலும் ஆப்பிள் மெயிலிலும் தேவையான வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதில் பொத்தானை அழுத்தினால் அந்த வரிகள் மட்டும் மேற்கோளாக வரும். பலருக்கு இது தெரியாது.

சரி, அட்டை விவகாரத்துக்கு வருவோம். விலைப்பட்டியல் வந்தபோதுதான் வெளியே வந்தது. ஸ்பாட் யுவிக்குத் தனித் தொகை போட்டிருந்தார்கள். பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தொகையைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “இது யார் கேட்டது?” என்று விசாரித்தபோது மேலாளர் அமைதியாகச் சொன்னார்: “சார், போட்டுவிடுங்கள்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க.” செயலாளர் தன் கடிதத்தைத் திறந்து பார்த்தார். எழுதியிருந்தது உண்மைதான்.

அப்புறம் பொருளாளரே உட்கார்ந்து புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். பழைய தொடரில் பதில் பொத்தானை அழுத்தவில்லை. தலைப்பே புதிது: “நூற்றாண்டு மலர்: முடிவான விவரங்கள்”. மேலாளரின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டார், ஆனால் ஒவ்வோர் எண்ணிலும் முழு வாக்கியம்.

```
2. பக்கம் 192. இப்போது 180 இருக்கிறது; 12 பக்கம்
   விளம்பரம் சேர்க்கிறோம்.
4. அட்டைக்கு மேட் லேமினேஷன் மட்டும். ஸ்பாட் யுவி வேண்டாம்.
5. பெர்ஃபெக்ட் பைண்டிங்குடன் தையலும் வேண்டும்.
   கூடுதலாக மூன்று நாள் ஆவது எங்களுக்குச் சம்மதம்.
6. பிரதிகள் 1,000.
8. முன்பணம் பாதி, வங்கி வழியாக அனுப்புகிறோம்.
9. இன்னும் முடிவாகவில்லை: பள்ளிக்கே அனுப்புவதா,
   லாரி பார்சலில் எடுத்துக்கொள்வதா. தலைவர் சொல்வார்.
```

இங்கே சில வரிகளை மட்டும் காட்டியிருக்கிறேன். இரண்டாவதைப் பாருங்கள். மலர் 16 பக்க ஃபாரமாக, அதாவது பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்து, ஓடுவதால் 180 பக்கம் என்பது ஒத்துவராது. ஒன்று 176 ஆகக் குறைக்க வேண்டும், இல்லை 192 ஆகக் கூட்ட வேண்டும். செயலாளர் முதலில் சிவப்பில் எழுதியது “விளம்பரம் சேர்த்துக்கொள்ளலாம்”. மேலாளரின் கேள்வியோடு படித்தால் 192 என்று புரியும். கேள்வி இல்லாமல் அந்தத் தாளைப் பார்க்கிற மெஷின்காரருக்கு எண்ணே இல்லை. பொருளாளரின் வரியில் எண் முன்னால் வந்துவிட்டது, காரணம் பின்னால்.

மேலாளர் இந்தக் கடிதத்தை அச்செடுத்து உறையில் வைத்தார். தலைவர் கைப்பேசியில் படித்துவிட்டு ஒன்பதாவதற்கு ஒரு வரி பதில் எழுதினார், மேலேயே. அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் திறந்திருந்த கேள்வி அது ஒன்றுதான்.

இப்படி மேலே எழுதுவதற்கு விலை இல்லாமல் இல்லை. பொருளாளருக்கு ஒரு மாலைப்பொழுது போனது. ஒவ்வொரு கேள்வியையும் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிடும் வாய்ப்பும் உண்டு. மேலாளர் கேட்டது ஒன்று, நாம் புரிந்துகொண்டு முடிவு சொன்னது ஒன்று என்றால், மேற்கோள் பக்கத்தில் இல்லாததால் அந்த வித்தியாசம் உடனே தெரியாது. அதனால்தான் அவர் எண்களை மாற்றாமல் வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் மேலாளர் தன் முதல் கடிதத்தின் அதே எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கேள்வி கேட்டவர் எண் போடவில்லையென்றால் பதில் சொல்பவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அப்போது எண்ணோடு இரண்டொரு சொல்லில் தலைப்பும் சேர்க்க வேண்டும்: “அட்டை”, “பைண்டிங்” என்று.

எது எப்போது என்று என்னைக் கேட்டால், கடிதத்தின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். கேள்வி கேட்டவரைத் தவிர வேறு யார் இதைப் படிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பேன். அவர் மட்டும்தான், விஷயம் அவருடைய வாக்கியத்தின் நுணுக்கத்தைப் பற்றியது என்றால் வெட்டிச் சுருக்கி இடையில் எழுதுவேன். மூன்றாவது ஒருவர் கையொப்பமோ பணமோ தர வேண்டும், அல்லது யாரோ அச்செடுத்து வேலை செய்யப்போகிறார்கள் என்றால் முடிவுகள் மேலே, முழு வாக்கியத்தில். இரண்டும் கலந்த கடிதமென்றால் முடிவுகளை மேலே வைத்துவிட்டு, விளக்கம் தேவைப்படும் ஒன்றிரண்டு பத்திகளை மட்டும் கீழே மேற்கோளோடு எடுத்துப் பேசலாம். அப்போது மேல் பகுதியிலேயே “7-க்கான விளக்கம் கீழே” என்று எண்ணோடு சொல்லிவிட வேண்டும். “பதில்கள் கீழே” என்று பொதுவாகச் சொன்னால் தலைவருக்கு நடந்ததுதான் நடக்கும்.

பதிலுக்குப் பதில் என்று மூன்றாவது சுற்று போனால், மேற்கோளுக்குள் மேற்கோளாகி `>>>` என்று வரத் தொடங்கும், அல்லது சிவப்பு, நீலம் தாண்டிப் பச்சை வரும். அங்கே நிறுத்தி, இதுவரை ஒத்துக்கொண்டதைப் புதிய கடிதமாக எழுதுவது நல்லது.

தொகை, தேதி, எண்ணிக்கை இந்த மூன்றையும் மட்டும் எந்த வகைப் பதிலிலும் நான் மேற்கோளின் பொறுப்பில் விடுவதில்லை. பழைய கடிதத்துக்குள் போய் எழுதும்போது அதில் ஓர் இலக்கம் தவறுதலாக அழிந்தாலும் யாருக்கும் தெரியாது, கீழே இருப்பது அவர் எழுதியதுதான் என்றே எல்லோரும் நம்புவார்கள். செயலாளரின் நீல நிறக் கடிதத்தில் ஆறாவது பத்தியில் 1,200 என்பது 1,20 என்று இருந்தது. மேலாளர் அனுப்பிய கடிதத்தில் எண் சரியாகத்தான் இருந்தது.